பாட்டி பாடிய ஒரே பாட்டுக்குள் இரண்டு பாட்டு

"எங்க ஊரு கருங்கல் பக்கம். பாட்டி இறந்து வருகிற மாசத்தோட ஒரு வருஷம் ஆகுது. சின்ன வயசுல எங்களை உறங்க வைக்கும்போது அவங்க பாடின பாட்டை நினைவு நாள் அட்டையில அச்சடிக்கணும். எனக்கும் அம்மாவுக்கும் நினைவு இருக்கறது இவ்வளவுதான்:

ராக்காலம் பெத்லேம் மேய்ப்பர்கள்
தம் மந்தை காத்தனர்
கண்ணார உம்மைக் காணுங்கால்
பரமானந்தமே

அவர்கள் அச்சம் கொள்ளவும்
உள்ளம் கனியுமே
எல்லாருக்கும் சந்தோஷமாம்
நற்செய்தி கூறுவேன்

முதல் வரி கிறிஸ்மஸ் பாட்டுன்னு தெரியும். ஆனா பாமாலையில பார்த்தா பாதி வரி அங்க இல்ல. ராகமும் கிறிஸ்மஸ் ராகம் இல்ல, மெதுவா இழுத்துப் பாடுவாங்க. கோயில்ல கிறிஸ்மஸுக்குப் பாடும்போது மட்டும் புத்தகத்துல உள்ளபடிதான் பாடுவாங்கன்னு அம்மா சொல்றாங்க. இது ஏதாவது பழைய பதிப்பா? வேற பாட்டா? அவங்க பயப்படும்போது உள்ளம் எதுக்குக் கனியணும்?"

பழைய பதிப்பு இல்லை தம்பி. இரண்டு பாட்டு ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. ஒன்று உங்களுக்கே தெரிந்த "ராக்காலம் பெத்லேம் மேய்ப்பர்கள்". மற்றது "இயேசுவே உம்மை தியானித்தால்". அதன் முதல் சரணம் இது:

இயேசுவே உம்மை தியானித்தால்
உள்ளம் கனியுமே
கண்ணார உம்மைக் காணுங்கால்
பரமானந்தமே

இதைப் படித்ததும் பாதி முடிச்சு அவிழ்ந்திருக்கும். ஆனால் நான் சொன்னதை அப்படியே நம்பி அச்சுக்குக் கொடுத்துவிடாதீர்கள். எந்த வரி எந்தப் பாட்டுடையது என்று நீங்களே சோதித்துப் பார்க்கலாம். தக்கலைப் பக்கம் ஒரு சபையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆர்மோனியம் வாசித்திருக்கிறேன். இது மாதிரி கலந்துபோன பாட்டுகளை எத்தனையோ தடவை பிரித்துக் கொடுத்தாயிற்று. வீட்டு ஜெபத்தில் வயசானவர்கள் புத்தகமில்லாமல் பாடத் தொடங்கினால் இரண்டாம் சரணத்தில் வேறு ஊருக்குப் போய்ச் சேருவது நம்ம பக்கம் சாதாரணம்.

முதலில் இது ஏன் நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால்தான் எங்கே வெட்டுவது என்று தெரியும்.

நம் கோயில்களில் இரண்டு வகைப் பாட்டு உண்டு. கீர்த்தனை என்பது பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று நம் கர்நாடக சங்கீத வழியில் வந்தது. பாமாலை, அதாவது ஞானப்பாட்டு, அப்படியில்லை. அதில் பெரும்பகுதி ஆங்கிலத்திலிருந்தும் ஜெர்மன் மொழியிலிருந்தும் வந்தது. மொழிபெயர்த்தவர்கள் பொருளை மட்டும் கொண்டுவரவில்லை. அந்த நாட்டு மெட்டிலேயே தமிழையும் பாட வேண்டும் என்பதால் ஒவ்வொரு வரியிலும் எத்தனை ஒலி வரவேண்டும் என்று எண்ணிக்கை போட்டுத்தான் எழுதினார்கள். மெட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு மெட்டின் தலையிலும் 8.6.8.6 அல்லது 8.8.8.6 என்று எண்கள் அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதல் வரிக்கு எட்டு ஒலி, இரண்டாம் வரிக்கு ஆறு என்று பொருள். இந்த 8.6.8.6 அளவில் ஆங்கிலத்தில் பாட்டுகள் மிக அதிகம். அதற்குப் பேரே காமன் மீட்டர், பொது அளவு.

உங்கள் இரண்டு பாட்டும் இந்தப் பொது அளவுதான். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ராக்-கா-லம்-பெத்-லேம்-மேய்ப்-பர்-கள், எட்டு. தம்-மந்-தை-காத்-த-னர், ஆறு. மற்றதில் யே-சு-வே-உம்-மை-தியா-னித்-தால், எட்டு. முதலில் வரும் "இ" பாடும்போது விழுங்கப்பட்டுவிடும், "தியா" ஒரே சுரத்தில் போகும். உள்-ளம்-க-னி-யு-மே, ஆறு. கண்-ணா-ர-உம்-மைக்-கா-ணுங்-கால், எட்டு. ப-ர-மா-னந்-த-மே, ஆறு.

பள்ளிக்கூடத்தில் யாப்பு படித்தவர்கள் இங்கே ஒரு தப்புப் பண்ணுவார்கள். அசை பிரிக்கிறேன் என்று "கனியுமே" என்பதைக் கனி-யுமே என்று இரண்டு நிரையசையாக எடுத்துக்கொள்வார்கள். அப்படி எண்ணினால் கணக்கு எங்கேயும் பொருந்தாது. மெட்டுக்கு நேர், நிரை எல்லாம் கிடையாது. உயிரொலி ஒன்றுக்குச் சுரம் ஒன்று, அவ்வளவுதான். க, னி, யு, மே என்று நாலு சுரம். தமிழாசிரியர் ஒருவரோடு ஒருநாள் சாயங்காலம் முழுக்க இதைப் பற்றி வாதாடியிருக்கிறேன். கடைசியில் அவரையே ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாடச் சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

இரண்டு பாட்டும் ஒரே அளவு என்றால் ஒன்றின் மெட்டில் மற்றதைத் தாராளமாகப் பாடலாம். எங்கும் இடிக்காது. இங்கிலாந்திலேயே அப்படி நடந்திருக்கிறது. நம் ராக்காலப் பாட்டின் மூலம் 1700-ல் நாஹும் டேட் எழுதியது. அதை அந்த நாட்டில் பல மெட்டுகளில் பாடினார்கள். கான்டர்பரியில் செருப்புத் தைக்கும் தொழில் செய்த தாமஸ் கிளார்க் போட்ட மெட்டு அதில் ஒன்று. பிற்பாடு யார்க்‌ஷயர்க்காரர்கள் அதே மெட்டில், தொப்பி போடாமல் மலைவெளிக்குப் போனவனைக் கிண்டல் செய்யும் ஒரு நாட்டுப்பாட்டைப் பாடத் தொடங்கினார்கள். இன்றைக்கு அந்த மெட்டைக் கேட்டால் அங்கே பலருக்கு மேய்ப்பர்களுக்கு முன்னால் தொப்பிதான் ஞாபகம் வருமாம்.

புத்தகம் இல்லாமல் பாடும்போது அடுத்த வரியை நமக்கு எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் மெட்டுதான். பொருள் அதற்குப் பிறகுதான் வரும். இரண்டாம் வரி முடிகிற இடத்தில் மூச்சு வாங்குகிறோம். ராகம் அங்கே முடியாமல் அந்தரத்தில் நிற்கும். "இனி எட்டு ஒலி வரவேண்டும், இந்தச் சுரத்தில் தொடங்கவேண்டும்" என்பது மட்டும் மனசில் இருக்கும். அந்த அளவுக்குப் பொருந்தி அந்த மெட்டோடு அதிகம் பழகிய வரி எதுவோ அது முந்திக்கொண்டு வந்துவிடும். பாடுகிறவருக்கு ஒரு இடறலும் தெரியாது. தெரிந்தால் நிறுத்தியிருப்பாரே.

சரி, இப்போது பிரிப்போம்.

முதல் வேலை, புத்தகத்தை மூடி வையுங்கள். நீங்களும் அம்மாவும் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள், போகட்டும். ஆனால் பாட்டியிடம் இந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்த வேறு ஆட்கள் இருப்பார்கள். மாமாவோ, சித்தியோ, பெரியம்மா பிள்ளைகளோ. அவர்களைத் தனித்தனியாகப் பாடச் சொல்லி செல்போனில் பதிவு செய்யுங்கள். வரிகளை எடுத்துக் கொடுக்காதீர்கள். நீங்களும் அம்மாவும் சேர்ந்து நினைவுபடுத்தியது இரண்டு சாட்சியம் ஆகாது. ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் நிரப்பியிருப்பார், பிறகு இருவருக்கும் அதுவே கேட்டதாகிவிடும். நாலு பேரைக் கூட்டி உட்காரவைத்து "பாட்டி என்ன பாடுவாங்க?" என்று கேட்டால் சத்தமாகப் பாடுகிறவர் சொன்னதுதான் கடைசியில் நிற்கும். தனித்தனியாகக் கேட்டும் இருவர் அதே இடத்தில் "கண்ணார உம்மை"க்குத் தாவினால், அந்தத் தாவல் பாட்டியுடையது, உங்கள் ஞாபகப் பிழை இல்லை என்று ஓரளவு நம்பலாம்.

தயங்குகிற இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். "அவர்கள் அச்சம் கொள்ளவும்..." என்று இழுத்துவிட்டுப் பிறகு "உள்ளம் கனியுமே" வந்தால், ஒட்டுப்போட்ட தையல் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது வரிக் கடைசி. தமிழ்ச் செய்யுளில் நாம் முதலில் தேடுவது எதுகை, வரித் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்து ஒத்துவருவது. பாமாலையில் அது உதவாது. ஆங்கிலப் பாட்டைப் பார்த்து எழுதியதால் வரிக் கடைசியில்தான் ஓசை ஒத்துவரும். நம் இலக்கணத்தில் இதை இயைபு என்பார்கள். பொது அளவுப் பாட்டில் இரண்டாம் வரியும் நாலாம் வரியும் ஒத்துவந்தே தீரும்.

உங்கள் முதல் சரணத்தைப் பாருங்கள். இரண்டாம் வரி "காத்தனர்". நாலாம் வரி "பரமானந்தமே". ஒத்துவரவில்லை. அப்படியானால் சரணம் நடுவில் உடைந்திருக்கிறது. "காத்தனர்" ஒரு ஜோடி தேடி நிற்கிறது, "பரமானந்தமே" வேறொரு ஜோடி தேடி நிற்கிறது. புத்தகத்தில் "காத்தனர்" என்பதற்கு ஜோடி "கண்டனர்":

கர்த்தாவின் தூதன் இறங்க
விண் ஜோதி கண்டனர்

"பரமானந்தமே" என்பதற்கு ஜோடி எது? அதை உங்கள் பாட்டியே பத்திரமாக வைத்திருந்தார். இரண்டாம் சரணத்தில் அநாதையாக நிற்கும் "உள்ளம் கனியுமே"தான் அது. அங்கே அது "கூறுவேன்" என்பதோடு ஒட்டாது. "கூறுவேன்" தேடும் ஜோடி "திகில் ஏன்":

அவர்கள் அச்சம் கொள்ளவும்
விண் தூதன் திகில் ஏன்?
எல்லாருக்கும் சந்தோஷமாம்
நற்செய்தி கூறுவேன்

"பயப்படும்போது உள்ளம் ஏன் கனியணும்" என்ற உங்கள் கேள்விக்குப் பதில் இங்கே இருக்கிறது. அவர்கள் பயந்தார்கள், தூதன் "திகில் ஏன்?" என்று கேட்டான். அந்த ஆறு ஒலி போய் வேறு ஆறு ஒலி வந்து உட்கார்ந்துவிட்டது. எட்டு ஒலி வரி வந்து உட்காரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆறின் இடத்துக்கு ஆறுதான் வரும். பாட்டு மறந்துபோனவர்கள்கூட சுர எண்ணிக்கையைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. வரி அடியோடு மறந்தால் "ஆண்டவரே ஆண்டவரே" என்று போட்டாவது கணக்கைச் சரிக்கட்டிவிடுவார்கள்.

இதுவரை வந்ததும் உங்கள் எட்டு வரியில் ஐந்து மேய்ப்பர் பாட்டுக்கும் மூன்று மற்ற பாட்டுக்கும் போய்விட்டது. இதை உறுதிப்படுத்த இந்தப் பாட்டில் ஒரு நல்ல வசதி இருக்கிறது. எல்லாப் பாட்டுக்கும் அது கிடைக்காது. ராக்காலப் பாட்டு லூக்கா 2-ம் அதிகாரத்தை வசனம் வசனமாகப் பின்தொடர்ந்து போகிறது. மேய்ப்பர்கள் இராத்திரியில் மந்தையைக் காத்தது 8-ம் வசனம். தூதன் வந்தது, ஒளி சூழ்ந்தது, அவர்கள் மிகவும் பயந்தது 9. "பயப்படாதிருங்கள்" என்று சொல்லி நற்செய்தி அறிவித்தது 10. அப்படியே பிறப்பு 11, முன்னணை 12, தூதர் கூட்டம் 13, "உன்னதத்தில்" என்ற துதி 14. ஆறு சரணத்தில் கதை முடிந்துவிடும். வேதாகமத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியையும் எந்த வசனத்தில் உட்காரவைக்கலாம் என்று பாருங்கள். "கண்ணார உம்மைக் காணுங்கால்" என்பதற்கு அந்த ஏழு வசனத்துக்குள் இடமே இல்லை. வெளியிலிருந்து வந்த வரி அது.

அந்த வெளி எது? "இயேசுவே உம்மை தியானித்தால்" கதை சொல்கிற பாட்டே இல்லை. இடைக்காலத்து லத்தீன் துதி ஒன்றை 1849-ல் எட்வர்ட் காஸ்வால் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார், அதன் தமிழ் இது. தொடக்கம் முதல் இயேசுவை முன்னால் நிறுத்திப் பேசுகிறது. நினைத்தாலே உள்ளம் கனிகிறது, நேரில் கண்ணாரக் கண்டாலோ பரமானந்தம். தியானிப்பதிலிருந்து காண்பதற்கு ஏறுகிற ஒரே எண்ணம், இடையில் துண்டாடவே முடியாது. "காணுங்கால்" என்றால் காணும்போது. எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் ஒரு பிள்ளை "காணும் கால் என்றால் வலது காலா இடது காலா?" என்று கேட்டது. இப்படிப் பொருள் தெரியாமல் மனப்பாடம் ஆகும் வரிகள்தான் எளிதில் இடம் மாறும். பொருள் தெரிந்திருந்தால் மேய்ப்பர்களுக்குப் பின்னால் அது வந்து நிற்கும்போது மனசு கொஞ்சம் உறுத்தும்.

இதிலிருந்து "கதை சொன்னால் முதல் பாட்டு, உம்மை என்று பேசினால் இரண்டாவது" என்று சுருக்கமாக ஒரு விதி வைத்துக்கொள்ளத் தோன்றும். வைத்துக்கொள்ளாதீர்கள். ராக்காலப் பாட்டின் கடைசிச் சரணம் இப்படித் தொடங்கும்: "மா உன்னதத்தில் ஆண்டவா / நீர் மேன்மை அடைவீர்." இங்கேயும் முன்னிலைதான். ஆனால் பேசுவது பாடுகிற நாம் இல்லை, கதைக்குள் இருக்கும் தூதர்கள். உங்கள் மாமா யாராவது பாடும்போது "உள்ளம் கனியுமே" என்று போய் "மேன்மை அடைவீர்" என்று முடித்தால், நீர், உம்மை என்ற சொற்களை மட்டும் பார்த்து அதை இரண்டாவது பாட்டில் தள்ளிவிடுவீர்கள். ஆகவே யாரைப் பார்த்துப் பேசுகிறது என்பதோடு யார் பேசுகிறார் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. அளவு பொருந்துவது ஒரு வரி அங்கே வந்து உட்கார முடியும் என்பதற்குத்தான் சான்று, வந்துவிட்டது என்பதற்கு இல்லை. "நான் பாவிதான்" பாட்டு எல்லாருக்கும் தெரியும். அது 8.8.8.6 அளவு, வேறு அளவு. ஆனால் அதன் கடைசி இரண்டு வரியை எடுங்கள்: "வா என்று என்னை அழைத்தீர் / என் மீட்பரே வந்தேன்." எட்டும் ஆறும். பொது அளவுப் பாட்டு எதன் கடைசிப் பாதியிலும் கச்சிதமாக வந்து உட்காரும். சொந்தக்காரர்களிடம் பதிவு செய்யும்போது இப்படி மூன்றாவது பாட்டின் துண்டு வந்தாலும் வரும். எண்ணிக்கை பொருந்துகிறதே என்று இரண்டு பாட்டில் ஒன்றுக்குள் திணிக்க வேண்டாம். ஜோடி ஓசையையும் பொருளையும் பார்த்து, ஒட்டாவிட்டால் தனியே எழுதி வையுங்கள்.

கீர்த்தனைகள் இப்படிக் கலந்திருந்தால் வழி வேறு. அங்கே எதுகை இருக்கும், வரித் தொடக்கத்தைப் பார்க்கவேண்டும். தாவல் நடக்கும் இடமும் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் முனையாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ஒரு பாட்டின் சரணத்தைப் பாடிவிட்டு அதே தாளத்தில் இருக்கும் வேறு பாட்டின் பல்லவிக்கு வந்துவிடுவார்கள். உங்களுடையது அது இல்லை என்பதால் இதோடு விடுகிறேன்.

இனி ராகம். நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் உதவியது அம்மா சொன்ன விஷயம்தான். கோயிலில் கிறிஸ்மஸுக்குப் பாட்டி சரியாகவே பாடியிருக்கிறார். ஆக அவருக்கு ராக்காலப் பாட்டு மறந்துபோகவில்லை. கையில் புத்தகம் இருந்தது, சபையே கூடப் பாடியது, மெட்டும் அந்தப் பாட்டுக்குரியது, தடம் மாற வழியில்லை. ராத்திரி உறங்க வைக்கும்போது மட்டும்தான் கலந்திருக்கிறது. அப்போது அவர் பாடியது மெதுவான வேறொரு ராகம். என் கணிப்பு, அந்த மெதுவான ராகம் "இயேசுவே உம்மை தியானித்தால்" பாட்டுக்கு உங்கள் சபையில் பாடும் ராகம். பிள்ளைகளுக்கு மேய்ப்பர் கதை பிடிக்கும், ஆட்டுக்குட்டி வரும், இரவு வரும். அதனால் அந்த வார்த்தைகளை எடுத்தார். கிறிஸ்மஸ் மெட்டு உறங்க வைக்க ஆகாது, அதனால் அமைதியான மெட்டை எடுத்தார். இரண்டும் ஒரே அளவு என்பதால் பொருந்திவிட்டது. ஆனால் மெட்டு தன்னுடைய பழைய வரிகளைக் கூடவே கூட்டிக்கொண்டு வந்தது. முதல் இரண்டு வரிவரை மேய்ப்பர்கள் தாக்குப் பிடித்தார்கள், மூச்சு வாங்கிய இடத்தில் மெட்டு ஜெயித்தது.

இது கணிப்புதான், சோதிக்காமல் ஏற்காதீர்கள். சோதனை எளிது. பாட்டி பாடிய ராகத்தை வார்த்தை இல்லாமல் முனகிப் பதிவு செய்யுங்கள். உங்கள் சபையில் பழைய பாடகர் குழு ஆள் ஒருவரிடமோ ஆர்கன் வாசிப்பவரிடமோ போட்டுக் காட்டி, "இது எந்தப் பாட்டு ராகம்?" என்று மட்டும் கேளுங்கள். பாட்டி கதை எதையும் முன்கூட்டிச் சொல்ல வேண்டாம். அவர் வாயில் "இயேசுவே உம்மை" வந்தால் என் கணிப்பு சரி. வேறு பாட்டின் பேர் சொன்னால், அதுவும் பொது அளவுப் பாட்டா என்று எண்ணிப் பாருங்கள். அப்படியிருந்தால் மூன்றாவது பாட்டு ஒன்று இதில் ராகமாக மட்டும் நுழைந்திருக்கிறது என்று அர்த்தம். வேறு ஊர் சபை ஆளிடம் கேட்பதில் பிரயோஜனம் குறைவு. ஒரே பாட்டுக்கு மார்த்தாண்டத்தில் ஒரு ராகம், மயிலாடியில் ஒரு ராகம் என்று பாடுவதை நானே கேட்டிருக்கிறேன். பாட்டி கல்யாணம் ஆகி வேறு ஊரிலிருந்து வந்தவர் என்றால் அவர் பிறந்த ஊர் சபையில் கேட்பதுதான் சரி. சின்ன வயசில் படிந்த ராகம்தான் இருட்டில் தானாக வரும்.

நேர்மாறான சோதனையும் ஒன்று உண்டு, இதை நீங்களே செய்யலாம். அம்மாவைப் பாட்டியின் ராகத்தில் "ராக்காலம்" தொடங்கச் சொல்லுங்கள், எங்கே தாவுகிறார் என்று பாருங்கள். இன்னொரு நாள் கிறிஸ்மஸ் ராகத்தில் அதே பாட்டைத் தொடங்கச் சொல்லுங்கள். முதலாவதில் "கண்ணார உம்மை" வந்து, இரண்டாவதில் "கர்த்தாவின் தூதன்" வந்தால், பாட்டிக்கு நடந்தது அம்மாவுக்கும் நடக்கிறது என்று கண்முன்னே தெரிந்துவிடும். ஒரே நாளில் இரண்டையும் செய்யாதீர்கள், முதலில் பாடியதின் வாசனை அடுத்ததில் ஒட்டும்.

அட்டை விஷயம். நினைவு நாள் ஜெபத்தில் எல்லாரும் சேர்ந்து பாடப்போகிறீர்கள் என்றால் பாட்டி பாடிய கலவையை அப்படியே அச்சடிக்க வேண்டாம். முதல் சரணத்தின் மூன்றாம் வரியில் பாதிப் பேர் "கர்த்தாவின் தூதன்" என்று போவார்கள், மீதிப் பேர் அட்டையைப் பார்த்து "கண்ணார" என்று போவார்கள், ஐயர் இரண்டுக்கும் நடுவில் முழிப்பார். பாடுவதற்கு "இயேசுவே உம்மை தியானித்தால்" முழுப் பாட்டையும் புத்தகத்தில் உள்ளபடி போடுங்கள், பாட்டியின் ராகத்தில் பாடுங்கள். நினைவு ஆராதனைக்கும் அது பொருந்தும். டிசம்பர் அல்லாத மாதத்தில் மேய்ப்பர் பாட்டைப் பாடவைத்தால் வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அட்டையின் பின்பக்கத்தில் பாட்டியின் எட்டு வரியை, ஒரு எழுத்தும் திருத்தாமல், "பாட்டி எங்களை உறங்க வைக்கப் பாடியது" என்று போட்டு வைக்கலாம். அது பாடுவதற்கு இல்லை, வைத்துக்கொள்வதற்கு.

அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் இரண்டாவது பாட்டின் மற்றச் சரணங்களை யாருடைய ஞாபகத்திலிருந்தும் எழுதாதீர்கள், என் ஞாபகம் உட்பட. புத்தகத்தைப் பார்த்தே எழுதுங்கள். பாமாலை அட்டவணை முதல் வரியின் முதலெழுத்தை வைத்துத்தான் இருக்கும், "கண்ணார" என்று தேடினால் கிடைக்காது. "இ" வரிசையில் "இயேசுவே" இல்லையென்றால் "யே" வரிசையில் பாருங்கள். பழைய அச்சில் "யேசு" என்றுதான் போடுவார்கள். பதிப்புக்குப் பதிப்பு பாட்டு எண் மாறும் என்பதால் அட்டையில் எண் போடாமல் முதல் வரியைப் போடுங்கள். அன்றைக்கு உங்கள் வீட்டில் மூன்று தலைமுறைப் புத்தகம் வந்து உட்கார்ந்திருக்கும்.